ஆரஞ்சு கிரேயானில் 1.14 கிராம் குறைந்திருந்தது

என் மகளுக்கு அப்போது ஒரு வயது ஏழு மாதம். எங்கள் ஊர் பொருட்காட்சியில் ஒரு ஸ்டாலில் 249 ரூபாய்க்கு ஒரு ஆர்ட் கிட் வாங்கினேன். பன்னிரண்டு கிரேயான், ஆறு கலர் களிமண், எட்டு வில்லை வாட்டர்கலர், இரண்டு பிரஷ், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில். மூடியில் சிரிக்கும் யானைப் படம், அதன் துதிக்கை நுனியில் பச்சை நிற வட்டத்துக்குள் 'நான்-டாக்சிக்'. அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஸ்டாலில் அதே மாதிரி கிட் 180 ரூபாய்க்கு இருந்தது, அதில் அந்த வட்டம் இல்லை. 69 ரூபாய் அதிகம் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை நான் குக்கரை இறக்கிவிட்டு வருவதற்குள் பாப்பாவின் வாய், மோவாய், கவுனின் முன்பக்கம் எல்லாம் ஆரஞ்சு. கையில் பாதி கிரேயான். விரலை விட்டு வாயிலிருந்து மூன்று நான்கு துண்டுகளை எடுத்தேன், மீதி எங்கே போனது என்று தெரியவில்லை. கணவர் மஸ்கட்டில். அத்தை பக்கத்து ஊரில். போன் செய்தால் அத்தை, "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வை கண்ணு" என்றார். நல்லவேளை, கை நடுக்கத்தில் உப்பு டப்பாவைத் திறப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் போட்டேன். "வாந்தி எடுக்க வைக்காதீங்கம்மா, வர்றப்போ மெழுகுத் துண்டு மூச்சுக்குழல்ல போயிடும். மூச்சு நல்லா விடுதா, இருமுதா பாருங்க. வாயைத் துடைச்சுவிட்டுத் தண்ணி குடுங்க. பெட்டியைத் தூக்கிட்டு இங்க வாங்க" என்றார். இதே நிலையில் யாருக்காவது டாக்டர் உடனே கிடைக்கவில்லை என்றால், டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. அன்று அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

டாக்டர் குழந்தையை ஒரு நிமிடம் பார்த்தார், பெட்டியை ஐந்து நிமிடம் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒழுங்கான கிரேயான் என்றால் அது மெழுகும் நிறமியும் நிரப்புப் பொடியும்தான், பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், இரண்டு நாளைக்கு மலம் கலராகப் போனால் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். தயாரிப்பாளர் பெயர் இல்லை. முகவரி இல்லை. எந்த மாதம் செய்தது, எந்த பேட்ச் என்று எதுவும் இல்லை. விலை ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. அடியில் மிகச் சிறிய எழுத்தில், 'ஈ.என். 71-3க்கு உட்பட்டது' என்று ஒரு வரி. கூடவே சிவப்பு வட்டத்தில் கோடு போட்ட குழந்தை முகம், '0-3' என்று. மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பதற்கான குறி அது. வாங்கும்போது நான் பார்த்தது யானையை.

"சந்தேகம் இருந்தா ரத்தத்துல ஈயம் பார்த்துடலாம், உங்க நிம்மதிக்கு" என்றார். எழுதி வாங்கிக்கொண்டேன். 1,600 ரூபாய். எங்கள் லேப்பில் விரல் நுனியில் குத்தி எடுக்கிறேன் என்றார்கள், டாக்டரோ நரம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். காரணம் எளிது. கிரேயான் பூசிய விரலின் தோலில் ஒட்டியிருக்கும் ஈயமும் ரத்தத் துளியோடு சேர்ந்து வந்தால் கணக்கு தப்பாகக் கூடிவிடும். அதனால் குழந்தையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, முழங்கையில் ஊசி. அவள் அழுததை இங்கே எழுதவில்லை. மாதிரி வெளியூருக்குப் போய் முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் நான் தூங்கியது மொத்தமாகப் பத்து மணி நேரம் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எதை எதையோ படிப்பேன், காலையில் தலை கனத்து ஆபீஸ் போவேன்.

சும்மா காத்திருக்க முடியாமல் அந்த ஆறு நாளில் நான் செய்த முதல் காரியம் ஒரு கோமாளித்தனம். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு நகைக்கடை, அதற்கு இரண்டு தெரு தள்ளி ஹால்மார்க் சென்டர். தங்கத்தை எக்ஸ்ரேயில் வைத்து எத்தனை கேரட் என்று சொல்கிறார்களே, அந்த மெஷினில் கிரேயானை வைத்தால் ஈயம் இருக்கிறதா என்று சொல்லாதா? போனேன். அங்கிருந்த தம்பி சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி. "ஏனுங்க்கா, மெஷின் ஈயத்தையும் பார்க்கும்ங்க. ஆனா இது தங்கத்துக்கு செட் பண்ணினதுங்க, மெழுகை வச்சா வர்ற நம்பரை நம்பக்கூடாதுங்க" என்றார். அதற்குப் பதில் ஒரு உபகாரம் செய்தார். நகை எடை போடும் தராசில் பெட்டியில் இருந்த முழு கிரேயான் ஒன்றையும், கடித்த ஆரஞ்சையும், வாயிலிருந்து நான் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த துண்டுகளையும் நிறுத்தார். முழுசு 4.62 கிராம். கடித்ததும் துண்டுகளும் சேர்த்து 3.48 கிராம். ஒன்றுக்கொன்று எடையில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்றாலும், பாப்பாவின் வயிற்றுக்குள் போனது அதிகபட்சம் 1.14 கிராம் என்று முதன்முறையாக ஒரு எண் கிடைத்தது. பயத்துக்கு ஒரு எல்லை கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்தது உண்மையான லேப். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஒரு ரசாயனப் பரிசோதனைக் கூடம். பன்னிரண்டு கலரையும் பார்க்க வேண்டும் என்றதும் அங்கே இருந்தவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு கலரும் தனிப் பொருள், தனி நிறமி, அதனால் தனித்தனி டெஸ்ட், தனித்தனி கட்டணம். எல்லாவற்றையும் அரைத்து ஒன்றாகக் கலந்து பார்த்தால் ஒரு கலரில் இருப்பது மற்ற பதினொன்றில் கரைந்து மறைந்துவிடும். ஒன்றிரண்டுதான் பார்க்க முடியும் என்றால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அப்புறம் பச்சை என்றார். லெட் குரோமேட் என்ற, ஈயம் உள்ள பழைய மலிவு நிறமி மஞ்சளிலும் ஆரஞ்சிலும் வரும், அந்த மஞ்சளோடு நீலம் சேர்த்துப் பச்சை செய்வார்கள். என்னால் முடிந்தது ஒன்றுதான். பாப்பா கடித்த ஆரஞ்சு. "ஈயம் எவ்வளவு இருக்கிறது" என்று பார்க்கச் சொன்னேன். 1,500 ரூபாய், வரியோடு 1,770.

இதில்தான் பணம் வீணானது. முடிவு 340 மில்லிகிராம் என்று வந்தது, ஒரு கிலோ கிரேயானுக்கு. நம் ஊர் பொம்மைகளுக்கான ஐ.எஸ். 9873 தரத்தின் மூன்றாம் பகுதியில் ஈயத்துக்கு எல்லை 90 என்று இரவுகளில் படித்து வைத்திருந்தேன். 340 எங்கே, 90 எங்கே. லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். உள்ளே இருந்து அந்த கெமிஸ்ட் அம்மா வந்து, "நீங்க கேட்டது மொத்த ஈயம். அந்த 90 மொத்தத்துக்கு இல்லைங்க, வயித்துல கரையறதுக்கு" என்றார்.

அதை அவர் விளக்கிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் கேட்ட டெஸ்ட்டில் கிரேயானைக் கடுமையான ஆசிட்டில் போட்டு முழுக்கக் கரைத்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு துளி ஈயத்தையும் எண்ணுவார்கள். ஆனால் குழந்தையின் வயிறு அவ்வளவு கடுமையான ஆசிட் கிடையாது. அதனால் பொம்மைத் தரங்களில் வேறு ஒரு முறை இருக்கிறது. மெழுகைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதியை வயிற்று அமிலம் அளவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்து, ஒரு மணி நேரம் குலுக்குவார்கள், இன்னொரு மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அமிலத்துக்குள் இறங்கி வருவது எவ்வளவோ அதுதான் கணக்கு. லேப்காரர்கள் அதை மைக்ரேஷன் என்கிறார்கள். லெட் குரோமேட் லேசில் கரையாது, ஆகவே மொத்தத்தில் ஒரு பகுதிதான் இறங்கும். இதற்குத் தனியாக 2,400, வரியோடு 2,832. முதலிலேயே "பொம்மைத் தரப்படி மைக்ரேஷன் ஈயம்" என்று கேட்டிருந்தால் 1,770 மிச்சம். யாராவது லேப்புக்குப் போவதாக இருந்தால் இந்த ஒரு சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இதற்கிடையில் ரத்த முடிவு வந்தது. ஒரு டெசிலிட்டருக்கு 2.9 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 முதல் 3.5ஐத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு 5 என்று வைத்திருக்கிறது. இரண்டுக்கும் கீழே. டாக்டர், "ஈயத்துக்கு இவ்வளவு வரைக்கும் நல்லதுன்னு ஒரு அளவு கிடையாதும்மா. ஆனா இதுக்கு மருந்து வேண்டாம். இரும்புச்சத்து குறையாம பாத்துக்குங்க, குறைஞ்சா குடல் ஈயத்தைக் கூடுதலா இழுக்கும்" என்றார். அந்த 2.9 கிரேயானில் இருந்து வந்ததா, பழைய ஜன்னல் பெயின்ட்டில் இருந்தா, கலப்பட மஞ்சள் தூளில் இருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. மஞ்சள் தூளைப் பளிச்சென்று காட்டவும் இதே லெட் குரோமேட்டைக் கலக்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான். அன்றிலிருந்து விரலி மஞ்சள் வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கிறேன்.

மைக்ரேஷன் முடிவு 61. இதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் குழப்பிய எண். ஏனென்றால் நம் தரத்தின் எல்லை 90, ஆக ஈயத்தைப் பொறுத்தவரை அந்தக் கிரேயான் நம் ஊரில் பாஸ். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருந்தது ஐ.எஸ். இல்லை, ஈ.என். 71-3, அது ஐரோப்பியத் தரம். அங்கே கிரேயான், சாக்பீஸ், களிமண் போன்ற காய்ந்த, உதிரும், பிசையும் பொருட்களுக்கு ஈயத்தின் எல்லை 2018 அக்டோபரிலிருந்து வெறும் 2. அதற்கு முன் 13.5. பழையதோடு ஒப்பிட்டாலும் 61 தேறாது. அதாவது எந்தத் தரத்தின் பெயரைச் சொல்லி விற்றார்களோ அந்தத் தரத்தில் முப்பது மடங்கு தாண்டிய சரக்கு. அந்த வரியை அச்சிட ஒரு லேப்பும் தேவைப்படவில்லை, ஒரு பிரஸ் போதுமாக இருந்திருக்கிறது.

நகைத்தராசு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு இரவு கணக்குப் போட்டேன். கிலோவுக்கு 61 மில்லிகிராம் என்றால் கிராமுக்கு 61 மைக்ரோகிராம். 1.14 கிராமுக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு உணவு வழியாக ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராமைத்தான் கவனிக்க வேண்டிய வரம்பாக வைத்திருக்கிறது. ஆக ஒரு கடி, ஒரு மாதத்துக் கணக்கு. ஒருமுறை நடந்ததால் தப்பித்தோம். தினமும் நுனியைக் கொறிக்கும் குழந்தைகளை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. நம் தரத்தில் பாஸ் ஆன கிரேயானும் தினம் கொறிக்கத் தகுந்தது என்று அர்த்தமில்லை என்பது அந்தக் கணக்கில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்து, "கடைச் சாமானே வேண்டாம், வீட்டிலேயே களிமண் செய்கிறேன்" என்று கிளம்பினேன். வீடியோவில் பார்த்தபடி இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணீர், பீட்ரூட் சாறு. அழகான ரோஸ் மாவு. பாப்பா சுண்டைக்காய் அளவு கிள்ளி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, உடனே தண்ணீர் கேட்டாள். அடுத்த விசிட்டில் பெருமையாக டாக்டரிடம் சொன்னேன், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மாவில் எடைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை 15 கிராம் என்றால் அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஐந்து கிராமுக்கு மேல். பெரியவர்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய அளவே ஐந்து கிராம்தான். 11 கிலோ குழந்தை அதை விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, வாந்தி, தாங்காத தாகம், மயக்கச் சோர்வு, வலிப்பு வரை போகும். ஈயத்துக்குப் பயந்து அதைவிட வேகமான ஆபத்தைக் கிண்ணத்தில் பிசைந்து கொடுத்திருக்கிறேன். (அத்தை சொன்ன உப்புத் தண்ணீரும் இதே வகைதான். அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல ஒரு மாதம் ஆனது.) இப்போது சப்பாத்தி மாவை உப்பில்லாமல் பிசைந்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுக்கிறேன், சாயங்காலம் குப்பைக்குப் போய்விடும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு இதுவும் கூடாது, கடையில் விற்கும் மாவு வகைக் களிமண்ணும் கூடாது. எந்த 'நான்-டாக்சிக்' முத்திரையும் கோதுமை ஒவ்வாமையைப் பார்ப்பதில்லை. பேக்கில் பொருட்பட்டியலில்தான் தேட வேண்டும்.

கிரேயானை மாவால் ஈடுசெய்ய முடியாதே. அதற்காகக் கடை கடையாக ஏறினேன், இந்தமுறை பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. முன்பக்கம் பார்ப்பதே இல்லை. முதலில் தேடுவது யார் செய்தது அல்லது இறக்குமதி செய்தது, முழு முகவரி, மாதம், வருடம், வாடிக்கையாளர் சேவை எண். பேக் செய்து விற்கும் எந்தப் பொருளுக்கும் இது சட்டப்படி இருக்க வேண்டியது. இதுவே இல்லாதவன் ஈயத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்திருப்பான் என்று நினைக்கக் காரணமில்லை. பாதிப் பெட்டிகள் இங்கேயே கழிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் முத்திரைகள். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நான் ஏறிய கடைகளில் களிமண் செட், அச்சு வைத்த மாவு செட் சிலவற்றில் அது இருந்தது. தனியாக விற்கும் கிரேயான் பெட்டிகள் எழுதுபொருள் அலமாரியில் இருந்தன, அவற்றில் அநேகமாக இல்லை. முத்திரை இருந்தால் அதன் மேலே ஐ.எஸ். 9873 என்ற எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத முத்திரை வெறும் ஓவியம். போனில் BIS CARE ஆப்பைத் திறந்து Verify Licence Details-இல் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், பொருள், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா எல்லாம் வரும். ஒரு கடையில் நான் போட்ட எண்ணுக்கு வந்த பெயரும் பெட்டியில் இருந்த பெயரும் வேறு வேறு. கடைக்காரரிடம் காட்டினேன். "அதெல்லாம் யாரும் பாக்கறதில்லீங்க" என்றார், கோபமில்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு.

சி.இ. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துப் பலரும் ஐரோப்பிய அரசு சோதித்த சரக்கு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான பொம்மைகளுக்கு அது தயாரிப்பாளர் தானே கையெழுத்திட்டுச் சொல்லிக்கொள்வதுதான். ஐரோப்பாவில் விற்றால் அதற்குப் பின்னால் கோப்பு இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். நம் பொருட்காட்சி ஸ்டாலில் யார் கேட்பார்கள்? அதேபோல 'ஏ.எஸ்.டி.எம். டி-4236க்கு உட்பட்டது' என்ற வரி. இதில் நான் முழுசாக ஏமாந்திருப்பேன். அது அமெரிக்காவில் ஓவியப் பொருட்களுக்கான லேபிள் விதி. ஒரு நச்சியல் நிபுணர் கலவையைப் பார்த்தார், நாள்பட்ட ஆபத்து இருந்தால் எச்சரிக்கை எழுதியாயிற்று என்பதுதான் பொருள். எச்சரிக்கையோடு விற்கும் காட்மியம் பெயின்ட்டும் அந்த விதிக்கு உட்பட்டதுதான். குழந்தைக்கு வேண்டியது அதன் பக்கத்தில் சில பெட்டிகளில் இருக்கும் ஏ.பி. என்ற வட்ட முத்திரை. அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய கலைப்பொருள் தயாரிப்பாளர் அமைப்பு கொடுப்பது அது. அவர்களுடைய நச்சியல் நிபுணர்கள் முழுக் கலவையையும் வாங்கிப் பார்த்து, விழுங்கினாலும் தீங்கு தரும் அளவில் எதுவும் இல்லை என்று கண்டால்தான் கிடைக்கும். அதே அமைப்பின் சி.எல். முத்திரை எச்சரிக்கை தேவைப்படும் பொருளுக்கு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அவர்கள் இணையதளத்தில் முத்திரை பெற்ற பொருட்களைத் தேடிப் பார்க்கலாம்.

இவை எதுவும் இல்லாமல் நம் ஊர் நிறுவனம், முகவரி எல்லாம் சரியாக இருக்கும் பெட்டி என்றால், வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மெயில் போடுகிறேன். மூன்று நிறுவனங்களுக்குப் போட்டேன். ஒருவர் பதிலே இல்லை. ஒருவர் "எங்கள் பொருட்கள் முழுக்கப் பாதுகாப்பானவை" என்று ஒரு வரி. மூன்றாமவர் லேப் ரிப்போர்ட்டையே அனுப்பினார். அதில் நான் பார்த்தது நான்குதான். லேப்பின் என்.ஏ.பி.எல். எண், தேதி, எந்தத் தரத்தின் எந்த வருடப் பதிப்பு, கலர்வாரியாகத் தனித்தனி வரிசை இருக்கிறதா. அதில் பன்னிரண்டு கலருக்கும் பன்னிரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஈயம் இரண்டுக்குக் கீழே. என் மகள் இப்போது கிறுக்குவது அதில்தான். 120 ரூபாய்.

பெயின்ட்டைப் பொறுத்தவரை வாட்டர்கலர் வில்லையை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். இந்த வயதில் பிரஷ்ஷை வாயில் வைப்பாள், விரலை நக்குவாள். விரலால் பூசவே செய்த ஃபிங்கர் பெயின்ட்டுக்குத் தனித் தரமே இருக்கிறது, ஐ.எஸ். 9873இன் ஏழாம் பகுதி, ஐரோப்பாவில் ஈ.என். 71-7. எப்படியும் கொஞ்சம் வாய்க்குள் போகும் என்று கணக்கு வைத்துத்தான் நம் தரத்தில் மற்றப் பொருட்களுக்கு 90 என்று இருக்கும் ஈய எல்லையை ஃபிங்கர் பெயின்ட்டுக்கு 25 ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தரம் இன்னொரு வேலையும் செய்கிறது, கசப்புப் பொருள் சேர்க்கச் சொல்கிறது. நான் வாங்கியதும் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தேவலை. பாப்பா ஒருமுறை நக்கினாள், அதற்குப் பிறகு விரலை வாயருகே கொண்டுபோய் அவளே நிறுத்திக்கொள்கிறாள். துணிக்கு அடிக்கும் ஃபேப்ரிக் பெயின்ட், கேன்வாஸுக்கான அக்ரிலிக் இதெல்லாம் தோலில் பூச எழுதப்பட்டவை இல்லை, எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும்.

முத்திரைகள் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளில் தொண்டையில் அடைக்கும் அளவுக்குச் சிறிய துண்டு வரக்கூடாது என்று அமெரிக்க விதி உண்டு. அதிலிருந்து கிரேயான், சாக்பீஸ், களிமண் எல்லாவற்றுக்கும் விலக்கு. உடைவது அவற்றின் இயல்பு என்பதால். ஆகவே உலகத்திலேயே சுத்தமான கிரேயானும் தொண்டையை அடைக்கும். நான் கட்டைவிரல் பருமன் உள்ளதை வாங்கி, ஒரு நேரத்துக்கு இரண்டு மட்டும் கொடுக்கிறேன், உடைந்தால் துண்டுகளை எடுத்துவிடுகிறேன், நான் பக்கத்தில் உட்கார முடியாத நேரத்தில் டப்பா அலமாரி மேல்தட்டில்.

மொத்தச் செலவு: கிட் 249, டாக்டர் இரண்டு முறை 800, ரத்தம் 1,600, லேப் 1,770, மறுபடி லேப் 2,832. 7,251 ரூபாய், நான்கு நாள் லீவு. கடித்த ஆரஞ்சு கிரேயான் ஜிப் கவருக்குள் பீரோவில், லேப் ரிப்போர்ட்டோடு இருக்கிறது.

போன வாரம் பாப்பாவின் இரண்டாவது பிறந்தநாள். கூட்டம் எல்லாம் போன பிறகு பரிசுகளைப் பிரித்தோம். ஒன்றில் அதே பெட்டி. யானைக்குப் பதில் டால்பின், பெயர் வேறு, அதே பன்னிரண்டு கலர், அதே பச்சை வட்டம், அடியில் அதே வரி. கொடுத்தது என் நெருங்கிய தோழி, அவளுக்கும் ஒரு வயதில் பையன் இருக்கிறான். இரண்டு பெட்டியாகத்தான் வாங்கியிருப்பாள். இன்னும் அவளுக்குப் போன் செய்யவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் முதலில் இதை எழுத உட்கார்ந்தேன்.